‘முக மீட்பு’, ‘நிறமீட்பு’ சரியா? பழைய படம் திருத்தும் ஆப்பின் சொற்கள்

செல்வி:
அனைவருக்கும் வணக்கம். பழைய குடும்பப் படங்களைச் சரிசெய்யும் ஒரு திறமூல ஆப்பைத் தமிழாக்கி வருகிறேன். அதில் மூன்று பொத்தான்கள்: Scratch removal, Face restoration, Colorize. முதலாவது ‘கீறல் நீக்கம்’. அதில் தகராறு இல்லை. மற்ற இரண்டுக்கும் ‘முக மீட்பு’, ‘நிறமீட்பு’ என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

முருகேசன்:
நிறமீட்பு அருமை. கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் எங்கேயும் போய்விடவில்லை, சாம்பலாக ஒளிந்திருக்கிறது. ஆப் அதை வெளியே எடுத்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான்.

இராமநாதன்:
முருகேசன், பாதிதான் சரி. படத்தில் மிச்சம் இருப்பது வெளிச்சத்தின் அளவு மட்டும். ஆப் அதை அப்படியே வைத்துக்கொண்டு, தான் பயின்ற படங்களைப் பார்த்து மேலே நிறத்தை ஊகித்துப் போடுகிறது. வெளிர் மஞ்சள் சேலையை அடர் நீலமாக்க அதனால் முடியாது, வெளிச்சம் பொருந்தாது. ஆனால் ஒரே அடர்த்தியில் இருக்கும் பச்சையையும் அரக்கையும் பிரித்துச் சொல்லவே முடியாது. அதோடு, அந்தக் காலத்துப் பல பிலிம்கள் சிவப்பை உணராதவை. அவற்றில் குங்குமமும் சிவப்புப் பட்டும் கறுப்பாகத்தான் விழும். ஆப் பாவம், கறுப்பு என்றே நம்பும்.

சோதிப்பது எளிது. அதே படத்தை ஓரம் கொஞ்சம் வெட்டிவிட்டு மறுபடி கொடுத்துப் பாருங்கள். சேலையின் நிறம் மாறினால், முதலில் வந்ததும் ஊகம்தான். ஆகவே நிறமூட்டல் என்பதே நேர்மையான சொல்.

ஆனால் ‘நிறமீட்பு’ என்பதைத் தூக்கி எறிய வேண்டாம். 1970களில் எடுத்த வண்ணப் படங்கள் ஆல்பத்துக்குள்ளேயே செக்கச்செவேல் என்று ஆகியிருக்கும், பார்த்திருப்பீர்கள். வண்ணப் படத்தில் இருப்பவை சயான், மெஜந்தா, மஞ்சள் என்று மூன்று சாயங்கள்; நீலப்பச்சையான சயான் மற்ற இரண்டையும்விட அதிகமாக மங்கிப்போனதால் வருவது அது. அங்கே மூன்று சாயங்களும் ஓரளவு மிச்சம் இருப்பதால் சமன்செய்து கொண்டுவரலாம். அதுதான் மீட்பு.

பாத்திமா:
எனக்குச் சொல்லைவிட அவசரமாக ஒன்று தெரிய வேண்டும். எந்த ஆப் நல்லது? வாப்பாவின் படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பிரித்தெடுத்துவிட்டு ஸ்கேன் செய்யவா?

இராமநாதன்:
பிரிக்காதீர்கள் அம்மா! ஈரத்தில் ஜெலட்டின் படலம் கண்ணாடியைப் பிடித்திருக்கும். இழுத்தால் முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியைத் துடைத்து, அதோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். எந்த ஆப் என்பது அதற்குப் பிறகுதான்.

இளங்கோ:
முக மீட்பு பற்றி யாரும் பேசவில்லையே. எங்கள் வீட்டில் 1950களின் கல்யாணக் குழுப் படம் ஒன்று, அஞ்சலட்டை அளவு. ஆப்பில் போட்டதும் அப்பாயி பளிச்சென்று வந்தார். வாட்ஸாப்பில் ஒரே கொண்டாட்டம். பெரியத்தை மட்டும் “இது யாருடா?” என்று கேட்டார். மூக்குத்தியைக் காணோம், ஒரு பக்கம் சற்று இறங்கியிருக்கும் இமையும் நேராகிவிட்டது.

இராமநாதன்:
இளங்கோ தம்பி, ஸ்கேன் எடுத்தது எத்தனை டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி?

இளங்கோ:
300 சார்.

இராமநாதன்:
அந்த அளவுக் குழுப் படத்தில் ஒரு முகம் 3 மி.மீ. அகலம் இருந்தால் பெரிது. 300இல் அது 35 புள்ளிதான். இந்த ஆப்களுக்குள் முகத்தைத் திருத்தும் GFPGAN போன்ற மென்பொருள்கள் அதை 512 புள்ளி முகமாக விரிக்கின்றன. இடையில் இல்லாததையெல்லாம் ஆயிரக்கணக்கான வேறு முகங்களிலிருந்து கற்ற பழக்கத்தில் நிரப்புகின்றன. மூக்குத்தி அவற்றுக்கு ஒரு தூசி. 1200இல் மறுபடி எடுங்கள், அதே முகம் 140 புள்ளிக்கு மேல் வரும். ஸ்டூடியோக்காரர் பெரிய நெகட்டிவை நேராகத் தாளில் பதித்திருந்தால் அந்த விவரம் உண்மையிலேயே தாளில் இருக்கும். ஆப் இல்லாமலேயே மூக்குத்தி தெரியலாம். சின்ன நெகட்டிவிலிருந்து பெரிதாக்கிய படம் என்றால் 600க்கு மேல் போவது பெரும்பாலும் வீண்.

அதே வேலையைச் செய்யும் CodeFormer பயன்படுத்தினால் அதன் `-w` அளவை 1 பக்கம் தள்ளுங்கள். முகம் மூலத்தோடு ஒட்டி நிற்கும், ஆனால் அவ்வளவு பளிச்சென்று இருக்காது. 0 பக்கம் போனால் அழகு கூடும், அப்பாயி குறைவார்.

செல்வி:
அப்படியானால் இது மீட்பே அல்ல. ‘முகப்புனைவு’ என்று வைக்கலாமா?

முருகேசன்:
பொத்தானில் ‘புனைவு’ என்றால் யார் அழுத்துவார்கள்? ‘முகத்தெளிவு’ போதும்.

இளங்கோ:
தெளிவு என்று படித்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாரும் நம்பினார்கள். எனக்குப் புனைவு.

இராமநாதன்:
எனக்கு இரண்டிலும் முழுத் திருப்தி இல்லை. 200 புள்ளி முகத்தில் மெல்லிய மங்கலை எடுக்கும்போது அது புனைவதைவிடத் துலக்குவதுதான் அதிகம். ‘முகம் துலக்கல்’ என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், பார்ப்போம்.

செல்வி:
சரி. Colorize இன்றே ‘நிறமூட்டல்’ ஆகிறது. Face restoration வரியை ஞாயிறு வரை காலியாக விடுகிறேன். இளங்கோ, 1200இல் எடுத்ததும் மூக்குத்தி தெரிகிறதா என்று இங்கேயே எழுதுங்கள்.