பழைய வீட்டின் படங்களை ஒட்டி, சீரமைத்தபின் எப்படி இருக்கும் என்று காட்டியவர்கள் உண்டா? அனுபவம் சொல்லுங்கள்

திண்ணைக்காரன்
புதுச்சேரி தமிழர் பகுதியில் உறவினர் வீடு. கீழே திண்ணை, மேலே பிரெஞ்சு பாணி வளைவு சன்னல்கள். தெருவோரத் தாழ்வாரத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். மரத்தூணும் ஓடும் திரும்ப வந்தால் எப்படி இருக்கும் என்று பங்காளிகளுக்குக் காட்ட வேண்டும். வாயால் சொன்னால் யாரும் பணம் எடுக்க மாட்டார்கள்.

தெரு குறுகல். எதிர்வீட்டுச் சுவரில் முதுகை ஒட்டி நின்றாலும் முழு வீடு படத்துக்குள் அடங்காது. போனில் 0.5x வைத்தால் ஓரங்கள் இழுபடும். அதனால் 1x-லேயே தெருவோடு நகர்ந்து, ஒரு படத்தின் பாதி அடுத்த படத்திலும் வரும்படி எடுத்தேன். மேகமூட்டமான காலை பார்த்துப் போனேன். வெயிலில் கேபிள் நிழல் சுவரில் கோடு கோடாக விழும். பிறகு நான் போடும் கூரையின் நிழலோடு ஒத்துப்போகாது. கேபிளைப் பற்றிக் கவலைப்படவில்லை. நாம் நகரும்போது அது சுவரின் வேறு இடத்தை மறைக்கிறது, எனவே ஒரு படத்தில் மறைந்த பூச்சு அடுத்த படத்தில் சுத்தமாகக் கிடைக்கும்.

ஒட்டியது Hugin-ல். பொதுப் புள்ளிகளைச் சுவரில் மட்டும் வைத்தேன்: வாசல்நிலை மூலைகள், பூச்சில் உள்ள விரிசல்கள். திண்ணை முன்னால் நீட்டிக்கொண்டிருப்பதால் அங்கே ஒரு புள்ளி வைத்தாலும் சுவர் கோணிவிடுகிறது. நிலையின் நேர்க்கோடு ஒட்டில் படிபோல விலகினால் அதுதான் காரணம்.

சுவர் நன்றாக வந்துவிட்டது. தூண்களைப் போட்டதும் ஒட்டுப்படம் மாதிரி தட்டையாகத் தெரிகிறது. ஏன்?

கரிக்கோடு
அளவு கோல் பிசகியிருக்கும். வாசல்நிலை 7 அடி, படத்தில் 1,400 பிக்சல் என்றால் அடிக்கு 200. தூண்களுக்கு 8 அடி இடைவெளி என்றால் 1,600 பிக்சல். எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்குதான்.

மஞ்சுளா_பட்டறை
கரிக்கோடு சொல்வது முகப்பு வரைபடத்துக்குச் சரி, காட்சிக்குச் சரியில்லை. அண்ணா, நீங்கள் சுவரிலிருந்து 25 அடி தள்ளி நிற்கிறீர்கள் என்று வையுங்கள். தூண் சுவருக்கு 5 அடி முன்னால். அப்படியென்றால் உங்களிடமிருந்து தூண் 20 அடிதான். 25-ஐ 20-ஆல் வகுத்தால் 1.25, தூண் வரிசைக்கு அடிக்கு 250 பிக்சல், இடைவெளி 2,000.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல். நீங்கள் பல இடத்தில் நின்று எடுத்ததால் ஒட்டிய சுவருக்கு ஒரே பார்வையிடம் கிடையாது. அதைத் தனியாகப் பாதுகாத்து வையுங்கள். தெருமுனையிலிருந்து சாய்வாக ஒரே ஒரு படம் எடுங்கள், அதுதான் அடிப்படை. ஒட்டிய சுவரின் நான்கு மூலைகளையும் GIMP-ல் Perspective கருவியால் அந்தப் படத்துச் சுவரின் மூலைகளில் பொருத்துங்கள். திண்ணையும் தூணும் தரையும் அந்தச் சாய்வுப் படத்தின் கோடுகளைப் பின்பற்றட்டும்.

அப்புறம் நிழல். ஓடு 5 அடி நீட்டிக்கொண்டு, வெயில் சுவருக்கு நேரே 45 பாகையில் விழுந்தால், நிழலும் ஓட்டின் விளிம்பு மட்டத்திலிருந்து 5 அடி கீழே இறங்கும். நீங்கள் எடுத்தது மேகத்தில், எனவே கூர்மையான விளிம்பு வேண்டாம். Multiply அடுக்கில் ஓட்டை ஒட்டி அடர்த்தியாகவும் கீழே போகப்போக மங்கலாகவும் வையுங்கள்.

வீட்டுப்பிள்ளை77
எங்க ஆயா போட்டோ கறுப்பு வெள்ளை, முகத்துல கோடு விழுந்திருக்கு. இதே முறையில கலர் பண்ண முடியுமா?

மஞ்சுளா_பட்டறை
அது வேற வேலை தம்பி. தனியா கேளுங்க.

சுண்ணாம்புமேஸ்திரி
படத்துக்கு முன்னாடி சுவத்தப் பாருங்க. தாழ்வாரம் இருந்த வீட்டுல சட்டம் செருகின குழி சுவத்துல வரிசையா இருக்கும், பூச்சு போட்டு அடைச்சிருந்தாலும் தட்டினா சத்தம் மாறும். தெருவோரம் தூண் நின்ன கல்லு பாதி புதைஞ்சு கிடக்கும். ரெண்டையும் டேப் வெச்சு அளந்து, தூண் உயரமும் தெரிஞ்சா கூரை எவ்வளவு சாய்வுன்னு தானா வரும். வைசியாள் வீதியில சீரமைச்ச வீடுங்களைப் போய்ப் பாருங்க, 2008-ல யுனெஸ்கோ விருது வாங்கின தெரு. அதுக்காக அந்தத் தூணை வெட்டி இங்க ஒட்டாதீங்க.

இன்னொண்ணு, சுவர் பளபள வெள்ளையா இருந்தா பெயின்ட் கடை விளம்பரம்தான். சுண்ணாம்புப் பூச்சுல திட்டு இருக்கும், அடியில ஈரக்கறை வரும்.

திண்ணைக்காரன்
குழி இருக்கிறது மேஸ்திரி. ஆனால் இடது பக்கம் மட்டும். வலது பக்கத்தில் ஷட்டர் கடை வந்து சுவரையே உடைத்துவிட்டார்கள். இடதைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பி வலதில் வைக்கலாமா?

மஞ்சுளா_பட்டறை
வைக்கலாம், ஆனால் கறையும் விரிசலும் அப்படியே திரும்பி நின்றால் உடனே கண்ணில் படும். அவற்றை மட்டும் வேறு படத்திலிருந்து எடுங்கள். இரண்டு பக்கமும் ஒரே அளவு என்று எப்படித் தெரியும்?

கரிக்கோடு
அந்தக் காலத்து வீடு, சமமாகத்தான் இருக்கும்.

சுண்ணாம்புமேஸ்திரி
இருக்கணும்னு இல்ல. பாகம் பிரிச்ச வீடுன்னா ஒரு பக்கம் அகலம் கூடும். பத்திரத்துல நாலெல்லை அளவு பாருங்க.

திண்ணைக்காரன்
பத்திரம் பெரியப்பா வீட்டில். அளவு கிடைக்கும்வரை வலது பக்கத்தை வெறும் கோட்டுப்படமாகவே விட்டுக் காட்டுகிறேன். ஷட்டரைப் படத்திலிருந்து எடுப்பதற்கே ஒரு பங்காளி சம்மதிக்கவில்லை. அவருக்கு வாடகை வருகிறது.