பழைய மடிக்கணினியின் வட்டைப் படிக்க உதவும் ‘அடாப்டர்’: தமிழில் என்ன பெயர்?

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். ஊர் நூலகத்தில் வைப்பதற்காக ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். மடிக்கணினி உயிர் பெறாமல் போனால், உள்ளே இருக்கும் வட்டைக் கழற்றி, சாட்டா–யூஎஸ்பி அடாப்டர் வழியாக வேறு கணினியில் செருகிக் கோப்புகளை எடுப்பது எப்படி என்பது பொருள். ‘அடாப்டர்’ என்றே எழுதலாமா, நல்ல சொல் ஏதும் இருக்கிறதா?

குமரேசன்:

அக்கா, அடாப்டர் போனா லேப்டாப் ஆன் ஆகாதுதான். முதல்ல வேற சார்ஜர் போட்டுப் பாத்தீங்களா? எங்க வீட்ல ஒயர்தான் உள்ளே அறுந்திருந்துச்சு.

செல்வி:

தம்பி, நான் கேட்டது மின்சாரம் தரும் அடாப்டர் இல்லை. ஆனால் உங்கள் பதிலே எனக்கு ஒரு விடை. கையேட்டில் ‘அடாப்டர் வாங்குங்கள்’ என்று எழுதினால் பாதிப் பேர் கடையில் போய் சார்ஜர் கேட்பார்கள்.

மாணிக்கம் (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

‘தகவி’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. இங்கே ஒரு முனை, அங்கே ஒரு துளை, இரண்டும் பொருந்தவில்லை, நடுவே ஒரு பொருள். சார்ஜருக்கு ‘மின்தகவி’, இதற்கு ‘வட்டுத்தகவி’. ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு புதுச்சொல் தேடினால் படிப்பவர் ஓடிவிடுவார்.

பாஸ்கர் (கணினி பழுதுபார்ப்பவர்):

ஐயா, சார்ஜரைப் பிரிச்சதுல எனக்கும் உடன்பாடு. ஆனா ‘முனை பொருந்தல, நடுவுல ஒண்ணு’ங்கிற விளக்கம் இந்தப் பொருளுக்குச் சரிவராது. கடைக்கு வர்ற தகராறு பாதி இங்கதான் ஆரம்பிக்குது.

நடுவுல வைக்கிற பொருள் ரெண்டு சாதி. ஒண்ணுல தகவலை மொழிமாத்துற சிப் கிடையாது, தகவல் போற கம்பியை இடம் மட்டும் மாத்தும். எம்.2ங்கிற சின்ன பட்டை வடிவ சாட்டா எஸ்எஸ்டியை சாதாரண சாட்டா முனைக்குக் கொண்டுவர்ற சின்ன பலகை அப்படிப்பட்டது. இன்னொண்ணுல அந்த சிப் இருக்கும். சாட்டா–யூஎஸ்பி கேபிள் அதுதான். யூஎஸ்பி பேசுறது ஒரு மொழி, வட்டு பேசுறது வேற மொழி. கணினி கேக்குறதை அந்த சிப் வாங்கி, வட்டுக்குப் புரியுற கட்டளையா மாத்தி, பதிலைத் திருப்பித் தரும்.

ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சா என்ன ஆகும்? சாட்டா மொழி பேசாத என்விஎம்இ வகை எஸ்எஸ்டியைக் கொண்டுவந்து அந்தச் சின்ன பலகையில செருகுவாங்க. வடிவம் ஒண்ணா இருக்குறதால சில சமயம் உள்ளேயும் போயிடும். கணினியில ஒண்ணும் தெரியாது. ‘வட்டு செத்துடுச்சு’ன்னு முடிவு பண்ணிடுவாங்க. வட்டு நல்லாத்தான் இருக்கும். என்விஎம்இக்குன்னு செஞ்ச சிப் உள்ள கூட்டுல போட்டா உடனே தெரியும்.

குமரேசன்:

அதைக் கண்டுபிடிக்க ஈஸி வழி இருக்கே. பல் பக்கம் ரெண்டு வெட்டு இருந்தா சாட்டா, ஒரு வெட்டுன்னா என்விஎம்இ.

பாஸ்கர்:

பெரும்பாலும் அப்படித்தான் தம்பி. ஆனா ரெண்டு வெட்டோட வந்த என்விஎம்இ எஸ்எஸ்டியும் இருக்கு. வெட்டை நம்பாம, மேல ஒட்டியிருக்குற ஸ்டிக்கரைப் படிங்க. SATA, NVMe இல்லேன்னா PCIe, மூணுல ஒண்ணு அநேகமா அச்சடிச்சிருக்கும்.

செல்வி:

அப்படியானால் சொல்லும் இரண்டு வேண்டும். சிப் இல்லாததற்கு ‘முனைமாற்றி’, சிப் உள்ளதற்கு ‘வட்டுப்பாலம்’ எப்படி?

ஒரு கேள்வியும் இருக்கிறது. கையேட்டுக்காக, திரையே வராமல் நின்றுபோன ஒரு மடிக்கணினியின் 500 ஜிபி சுழல்வட்டைக் கழற்றிச் சோதித்தேன். கணினியின் முன்பக்கத் துளையில் செருகினால் விளக்கு எரிகிறது, வட்டு ‘விர்’ரென்று சுற்றத் தொடங்கி அடங்குகிறது, மறுபடி தொடங்குகிறது. பெயர் பட்டியலில் வரவே இல்லை.

பாஸ்கர்:

வட்டு ஸ்டிக்கர்ல 5V-க்குப் பக்கத்துல எத்தனை ஆம்பியர்னு போட்டிருக்கு, பாருங்க. சுற்ற ஆரம்பிக்குற நொடியில 2.5 அங்குல வட்டு 1 ஆம்பியர் வரைக்கும்கூட இழுக்கும். யூஎஸ்பி 2.0 துளைக்கு வரையறை அரை ஆம்பியர், 3.0க்கு 0.9. பின்பக்கம் மதர்போர்டுலயே இருக்குற நீலத் துளையில போடுங்க. நடுவுல ஹப், நீட்டிப்பு ஒயர் எதுவும் வேண்டாம்.

சுற்றி அடங்குறது வேற, ‘டக்… டக்…’னு ஒரே சீரா தட்டுறது வேற. தட்டுச்சுன்னா உடனே பிடுங்கிடுங்க. அது பெரும்பாலும் வட்டைப் படிக்கிற தலையோட பழுது. திரும்பத் திரும்ப மின்சாரம் கொடுத்தா தட்டுல கீறல் விழும்.

செல்வி:

பின்பக்கத்தில் உடனே வந்துவிட்டது! ஆனால் திறக்க மறுக்கிறது. என் கணினி லினக்ஸ். விண்டோஸ் உறக்கநிலையில் இருப்பதாகச் சொல்லி ஏற்ற மறுக்கிறது. மடிக்கணினியே செத்துவிட்டது, அதற்குள் எங்கே உறங்குகிறது?

பாஸ்கர்:

விண்டோஸ்ல ‘வேகத் தொடக்கம்’னு ஒரு வசதி உண்டு. ஷட்டவுன் கொடுத்தாலும் முழுசா மூடாம, பாதி நிலையை வட்டுல எழுதி வச்சிடும். அந்த நிலையில வேற ஒருத்தர் எழுதினா கோப்பு அமைப்பு குழம்பிடும்னு லினக்ஸ் தயங்குது. நமக்கு எழுத வேண்டியதே இல்லையே, படிக்க மட்டும்தானே? எந்தப் பகுதி பெரிசுன்னு முதல் கட்டளையில பாத்து, அந்தப் பேரை ரெண்டாவதுல போடுங்க.

```
lsblk -o NAME,SIZE,FSTYPE
sudo mount -o ro /dev/sdb2 /mnt
```

உறக்கக் கோப்பை அழிச்சிட்டு ஏத்துற வழியும் இணையத்துல கிடைக்கும். அதை இப்போ தொடாதீங்க. படம், ஆவணம் எல்லாம் `Users` உள்ளே இருக்கும். முதல்ல அதை வேற வட்டுக்கு நகல் எடுங்க.

நஸீமா:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். எனக்கு வட்டும் தெரிந்தது, பாலமும் சரியாக இருந்தது, ஆனால் 48 இலக்க மீட்பு எண் கேட்டது. நான் எந்தப் பூட்டும் போட்டதாக நினைவில்லை. அப்பாவின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் தேடித்தான் எண்ணை எடுத்தோம். இதைக் கையேட்டில் முதல் பக்கத்திலேயே போடுங்கள், ஸ்க்ரூ கழற்றுவதற்கு முன்பே.

பாஸ்கர்:

சரியாச் சொன்னீங்க. புது மாடல் பலதுல பிட்லாக்கர்ங்கிற விண்டோஸ் பூட்டு தானாவே ஆன் ஆகிடுது. சாவி அந்த மதர்போர்டோட சிப்ல இருக்கும். வட்டு தனியா வெளியே வந்தா அந்த எண் இல்லாம திறக்காது. எந்தப் பாலமும் இதுக்கு உதவாது. எங்கேயும் எண் கிடைக்கலேன்னா, மதர்போர்டையே சரிபண்ணிப் பாக்குறது ஒண்ணுதான் மிச்சம்.

மாணிக்கம்:

விவரம் கேட்டபின் இரண்டு சொல் தேவை என்பதை ஏற்கிறேன். ‘முனைமாற்றி’ அருமை, பார்த்ததும் விளங்குகிறது. ‘வட்டுப்பாலம்’ உறுத்துகிறது. எஸ்எஸ்டியில் வட்டமாக ஏது? போதாததற்கு, வலைப்பின்னல் துறையில் ‘பாலம்’ வேறு பொருளில் இருக்கிறது. ‘சேமிப்பு இடைமாற்றி’ எனலாமே.

செல்வி:

ஐயா, எஸ்எஸ்டியையும் எல்லோரும் வட்டு என்றுதான் சொல்கிறார்கள். கடையில் போய் ‘சேமிப்பு இடைமாற்றி’ என்று கேட்க என் வாசகர்களுக்கு வாய் வராது.

மாணிக்கம்:

கடையில் ‘வட்டுப்பாலம்’ என்று கேட்டாலும் ஆறு, வாய்க்கால் பக்கம்தான் கை காட்டுவார்கள், அம்மா.

பாஸ்கர்:

கடைக்காரனா சொல்றேன், ரெண்டையும் கேட்டா எனக்குப் புரியாது. ‘சாட்டா டு யூஎஸ்பி’ன்னா எடுத்துக் கொடுப்பேன். கையேட்டுல உங்க சொல்லைப் போட்டு, பக்கத்துலயே கடைப்பேரும் ஒரு தடவை எழுதிடுங்க.

செல்வி:

சரி, வரைவில் இப்போதைக்கு முனைமாற்றி, வட்டுப்பாலம் என்றே வைக்கிறேன். இரண்டாவதற்கு இதைவிட நல்ல சொல் வந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஒரு பத்தியை மட்டும் பாருங்கள்:

“மின்கலத்தைக் கழற்றிய பிறகே வட்டைத் தொடவும். வட்டை மேலே தூக்காமல், முனையிலிருந்து நேராக இழுக்கவும். வட்டுப்பாலத்தில் பொருத்திச் செருகியதும் ‘ஃபார்மட் செய்யவா’ என்று விண்டோஸ் கேட்டால், வேண்டாம் என்க.”

பாஸ்கர்:

நல்லா இருக்கு. ரெண்டு சேத்துக்கோங்க. மின்கலம் வெளியே தெரியாத மாடல்ல, மூடியைத் திறந்ததும் மதர்போர்டுல இருக்குற மின்கல ஒயரைப் பிடுங்கணும். அப்புறம், எல்லா மாடல்லயும் கழற்ற வட்டு இருக்காது. சிலதுல சேமிப்புச் சிப்பை மதர்போர்டுலயே பற்ற வச்சிருப்பாங்க. மாடல் பேரைப் போட்டுத் தேடி, உள்ளே தனியா வட்டு இருக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு ஸ்க்ரூ டிரைவரைத் தொடச் சொல்லுங்க.