கலைச்சொல் விவாதம்: ஓராண்டுக்குள் கெடு வரும் நீண்டகாலக் கடனுக்கு ஒரு சொல்

மாலதி:

நண்பர்களுக்கு வணக்கம். இருப்புநிலைக் குறிப்பைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு சிறு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். நடப்புச் சொத்து, நடப்புப் பொறுப்பு, நடப்பு விகிதம் எல்லாம் பழகிய சொற்கள். ஒரு வரியில்தான் மாட்டிக்கொண்டேன்: ‘கரண்ட் மெச்சூரிட்டீஸ் ஆஃப் லாங் டேர்ம் டெட்’. நீண்டகாலக் கடனில் அடுத்த பன்னிரண்டு மாதத்துக்குள் கட்ட வேண்டிய பகுதி.

‘நீண்டகாலக் கடனின் நடப்பு முதிர்வுகள்’ என்று எழுதித் தங்கையிடம் படிக்கக் கொடுத்தேன். “வைப்பு நிதி முதிர்ந்து பணம் கைக்கு வருமே, அதுவா?” என்று கேட்டாள். அந்த இடத்திலேயே சொல்லை அடித்துவிட்டேன். கட்ட வேண்டியதை வரவேண்டியது போலக் காட்டும் சொல் எதற்கு?

கையேட்டில் உள்ள கற்பனை நிறுவனத்தின் கணக்கு இது. எல்லாம் கோடியில், முதலில் சென்ற ஆண்டு, அடுத்து இந்த ஆண்டு.

நீண்டகாலக் கடன்: 300, 240
அதிலிருந்து பிரித்து, ஓராண்டுக்குள் கட்ட வேண்டியது (தனி வரி): 20, 60
குறுகியகால வங்கிக் கடன்: 20, 40

இரண்டாம் வரிக்குத்தான் பெயர் வேண்டும்.

கதிர்:

‘குறுங்கடன்’ போதுமே அக்கா? ஓராண்டுக்குள் கட்டுவதுதானே குறுகியகாலம். கணக்கும் நல்லபடியாகத்தான் தெரிகிறது. 300 இருந்த கடன் 240 ஆகிவிட்டது. ஒரே ஆண்டில் 60 கோடி அடைத்த நிறுவனத்துக்குக் கடன் சுமை குறைகிறது என்றுதான் நான் படிப்பேன்.

செல்வம்:

கதிர் தம்பி, நீங்கள் விழுந்த குழியை மூடத்தான் மாலதி சொல் கேட்கிறார்.

நீண்டகாலக் கடனில் குறைந்த 60 எங்கே போனது என்று பாருங்கள். யாரும் அதை அடைக்கவில்லை. கெடு ஓராண்டுக்குள் வந்துவிட்டதால் மேல் வரியிலிருந்து கீழ் வரிக்கு இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். சென்ற ஆண்டு கீழ் வரியில் இருந்த 20-ஐ மட்டுமே இந்த ஆண்டு கட்டியிருக்கிறார்கள். அதே ஆண்டில் குறுகியகால வங்கிக் கடன் 20 கூடியிருக்கிறது. மூன்று வரியையும் கூட்டினால் சென்ற ஆண்டும் 340, இந்த ஆண்டும் 340. ஒரு கையால் கட்டி மறு கையால் வாங்கியிருக்கிறார்கள்.

கடன் சுமையை அளக்கும்போதும் இதே தவறு நடக்கும். பங்குதாரர் நிதி 200 என்று வையுங்கள். மேல் வரியை மட்டும் எடுத்தால் கடன் அதைப்போல 1.2 மடங்கு. மூன்றையும் எடுத்தால் 1.7 மடங்கு.

‘குறுங்கடன்’ ஏன் ஆகாது என்பதும் இதிலேயே இருக்கிறது. குறுங்கடன் வாங்கும்போதே குறுகியகாலத்துக்கு வாங்கியது. பெரும்பாலும் வங்கி புதுப்பித்துக்கொண்டே போகும். நாம் பேசுவது இயந்திரமோ கட்டடமோ வாங்க எடுத்த நீண்ட கடனில் அடுத்துக் கெடு வரும் துண்டு. இதைப் புதுப்பிக்க மாட்டார்கள், கட்டித்தான் ஆக வேண்டும்.

ஜெசிந்தா:

‘நிலுவை’ என்று போடலாமே. வீட்டுக் கடனில் எனக்கு மூன்று தவணை நிலுவை இருந்தபோது வங்கியிலிருந்து அந்தச் சொல்லில்தான் கடிதம் வந்தது. எல்லோருக்கும் புரியும்.

மாலதி:

ஜெசிந்தா, நிலுவை என்றால் கெடு தாண்டியும் கட்டாதது. இங்கே கெடு இன்னும் வரவில்லை. ஒழுங்காகக் கட்டும் நிறுவனத்தின் கணக்கில் ‘நிலுவை 60 கோடி’ என்று போட்டால் வழக்கே போடுவார்கள். ஆனால் உங்கள் கடிதத்தால் ‘தவணை’ நினைவுக்கு வந்தது. ‘ஓராண்டுத் தவணை’ எப்படி?

இஸ்மாயில்:

தவணை வேண்டாம் என்பேன். கடன் பத்திரம் வெளியிட்ட நிறுவனம் ஐந்து ஆண்டும் வட்டி மட்டும் கட்டி, அசல் முழுவதையும் கடைசி நாளில் ஒரே முறையாகத் திருப்பிக் கொடுக்கும். அந்த ஆண்டு முழு அசலும் இந்த வரிக்கு வந்துவிடும். அதைத் தவணை என்று யார் சொல்வார்கள்?

என் அனுபவம் ஒன்று. நான் கணக்கு எழுதிய ஒரு நிறுவனத்தில், நடப்பு விகிதம் 1.25-க்குக் கீழே போகக் கூடாது, போனால் முழுக் கடனையும் உடனே கேட்கலாம் என்பது வங்கியின் நிபந்தனை. ஆண்டு முடிவில் 1.22-இல் நின்றது. மூன்று வாரம் கழித்து, பரவாயில்லை, இந்த முறை கேட்க மாட்டோம் என்று வங்கி கடிதம் கொடுத்தது. நிம்மதியாக உட்கார்ந்தோம். தணிக்கையாளர் வந்து, கடிதத்தின் தேதி ஆண்டு முடிவுக்குப் பிந்தியது என்று சொல்லி, ஆறு ஆண்டில் கட்ட வேண்டிய முழுக் கடனையும் நடப்புப் பொறுப்புக்கு இறக்கிவிட்டார். ஒரு காசு கூடுதலாகக் கடன் வாங்கவில்லை, ஆனால் நடப்பு விகிதம் 1-க்குக் கீழே விழுந்தது.

செல்வம்:

தணிக்கையாளர் செய்தது சரிதான். ஐ.ஏ.எஸ். 1 என்ற பன்னாட்டுக் கணக்குத் தரம் அப்படித்தான் சொல்கிறது. வங்கி உடனே கேட்கலாம் என்ற உரிமை ஆண்டு முடிவு நாளில் இருந்தால் அது நடப்புப் பொறுப்பு; பிறகு வரும் மன்னிப்பு அதை மாற்றாது. ஆக, ‘ஓராண்டு’, ‘தவணை’ இரண்டுமே இஸ்மாயில் சொன்ன கடனுக்குப் பொருந்தவில்லை.

என் பரிந்துரை ‘கெடுக்கடன்’. கெடு வந்த கடன்.

கதிர்:

ஐயா, அதைக் கேட்டதும் கெட்டுப்போன கடன், வாராக்கடன் என்றுதான் எனக்குத் தோன்றியது.

செல்வம்:

அதற்குத்தான் நடுவில் ‘க்’ போட்டேன்! ‘கெடுகடன்’ என்றால் வினைத்தொகை, கெடுகிற கடன். ‘கெடுக்கடன்’ என்றால் பெயர்ச்சொல்லான ‘கெடு’. ஒற்று பொருளைக் காப்பாற்றும்.

மாலதி:

ஐயா, ஒற்று விட்டுப்போகாத கணக்கறிக்கை ஒன்றை எனக்குக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன். ஒரு மெய்யெழுத்தை நம்பி வாராக்கடனையும் நல்ல கடனையும் பிரிக்க முடியாது.

வினைத்தொகை என்றதும் ‘நெருங்குகடன்’ தோன்றியது. தவணையோ முழு அசலோ, வங்கி திடீரென்று கேட்பதோ, எல்லாவற்றுக்கும் பொருந்தும். தங்கையிடம் கேட்டேன். “அப்போ கையில் எவ்வளவு இருக்கிறது?” என்றாள். ‘முதிர்வு’ கேட்க வைக்காத கேள்வி.

செல்வம்:

உங்கள் தங்கையின் கேள்விக்கு அதே நிறுவனத்தில் விடை பார்ப்போம். ரொக்கம் 40, வாடிக்கையாளரிடம் வரவேண்டியது 110, சரக்கிருப்பு 150 என்று வையுங்கள். நடப்புச் சொத்து 300. நடப்புப் பொறுப்பில் உங்கள் நெருங்குகடன் 60, வங்கிக் கடன் 40, சரக்குக் கொடுத்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் 100. மொத்தம் 200. நடப்பு விகிதம் 1.5. பார்க்க நன்றாக இருக்கிறது.

ஆனால் சொத்தில் பாதி சரக்கு. அதை விற்று, பணம் வசூலாகி வர மாதங்கள் ஆகும். சரக்கை விட்டுவிட்டுப் பார்த்தால் 150-க்கு 200, அதாவது 0.75. ரொக்கம் 40, நெருங்குகடன் 60. இடைவெளி 20 கோடி எங்கிருந்து வரும் என்பதை இருப்புநிலைக் குறிப்பு சொல்லாது. அது ஒரு நாளின் நிழற்படம். பணப்பாய்வு அறிக்கையை எடுத்து, தொழிலிலிருந்து ஆண்டுக்கு எவ்வளவு ரொக்கம் வருகிறது என்று பாருங்கள். வட்டி கட்டியபின் 60-க்கு மேல் மிஞ்சினால் கவலை குறைவு. 25 தான் மிஞ்சுகிறது என்றால் கையிருப்பைத் துடைத்தெடுத்துத்தான் கட்ட முடியும், அடுத்த மாதச் செலவுக்கு மறுபடி வங்கி வாசல்.

சொல்லைப் பொறுத்தவரை எனக்கு இன்னும் ‘கெடு’தான் பிடிக்கிறது. ‘நெருங்கு’ எவ்வளவு நெருக்கம் என்று சொல்லவில்லை.

இஸ்மாயில்:

நெருங்குகடன் எனக்குச் சரி. ஆனால் ஒரு கேள்வி. குறுகியகால வங்கிக் கடன் 40-உம் நெருங்கித்தானே நிற்கிறது? வங்கி இந்த முறை புதுப்பிக்காவிட்டால் 60 இல்லை, 100 கட்ட வேண்டும். அதையும் இந்தச் சொல்லுக்குள் சேர்ப்பீர்களா?

மாலதி:

சேர்த்தால் செல்வம் ஐயா முதலில் பிரித்துக் காட்டியது குழம்பிவிடும். சேர்க்காவிட்டால் நீங்கள் சொல்லும் ஆபத்து விடுபடும். இப்போதைக்கு வரைவில் ‘நெருங்குகடன்’ அந்த ஒரு வரிக்கு மட்டும். இரண்டையும் கூட்டும் வரிக்குப் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறேன். யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

ஜெசிந்தா:

என் தவணைகளைக் கட்டி முடித்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன் :)