பேணியில் அழித்த எழுத்து வெயிலில் திரும்பி வந்தது: உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்

உப்புவெளித் தம்பி
பெரியம்மாவின் நல்லெண்ணெய்ப் பேணியைப் பற்றியது இது. பங்காளி பிரிந்துவிட்டதால் பழைய பெயரை விளம்பரப் படத்திலிருந்து எடுக்க வேண்டியிருந்தது. மஞ்சள் நிற உருளைப் பேணியில் சிவப்பு எழுத்து. இடப்பக்கம் யன்னல் வெளிச்சம் ஒரு வெள்ளைக் கோடாக மேலிருந்து கீழே ஓடுகிறது. Photoshop இல் Healing Brush கொண்டு இரண்டு மணி நேரம் தேய்த்தேன், என் மடிக்கணினியில் சுத்தமாகவே தெரிந்தது. ஆறடிப் பதாகையாக அச்சிட்டு, பத்திரகாளி அம்மன் கோவிலடியில் நாங்கள் போட்ட கடையில் கட்டிவிட்டு நிமிர்கிறேன், பக்கத்துக் கடை அக்கா விரலால் தொட்டுக் காட்டுகிறார்: “தம்பி, பழைய பேரை அழிச்சதெண்டு சொன்னீங்கள், இஞ்ச கிடக்குதே.” எழுத்து இல்லை; எழுத்தின் வடிவத்தில் வழவழப்பான, இளஞ்சிவப்பு ஏறிய ஒரு திட்டு மட்டும் இருந்தது. அந்த விரல் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

நிலாவெளிக் கமரா
இரண்டு மணி நேரம் ஏன் வீணாக்கினீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. எழுத்தைச் சுற்றித் தெரிவுசெய்து Content-Aware Fill கொடுத்தால் முடிந்துவிடும் வேலை இது. நான் ஒரு தலையணை உறையில் இருந்த விடுதிப் பெயரை அப்படித்தான் அரை நிமிடத்தில் எடுத்தேன், ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

உட்துறைமுக வீதி அச்சகர்
நிலாவெளித் தம்பி, தலையணை உறைக்கு அது சரி, ஏனென்றால் துணியின் நெசவு எங்கும் ஒன்றுபோல இருக்கும். பேணியில் அந்தக் கட்டளை பக்கத்தில் கிடைக்கும் எதையும் அள்ளிக்கொண்டு வரும். ஒரு பெயிண்ட் வாளிப் படத்தில் எனக்கு அது கைபிடியின் பாதியைக் கொண்டுவந்து வாளியின் நடு வயிற்றில் ஒட்டியது. வாடிக்கையாளர் அதை ஓட்டை என்று நினைத்து விசாரித்தார். எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று காட்டும் பச்சைப் பரப்பை அழித்துச் சுருக்கினால் ஓரளவு அடங்கும் என்பதையும் சொல்ல வேண்டும்.

உப்புவெளித் தம்பியின் படத்தில் இரண்டு தவறுகள் நடந்திருக்கின்றன. முதலாவது, எழுத்தை ஒட்டியே தெரிவுசெய்திருப்பீர்கள். ஜேபெக் படம் நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் சேமிப்பதால், சிவப்பு எழுத்தின் ஓரத்துக்கு வெளியேயும் சில பிக்சல்கள் தூரம் கசிந்து நிற்கும். Healing Brush தான் தொட்ட இடத்தின் ஓரத்து நிறத்தை உள்ளே இழுத்துக் கலக்கும் கருவியாகையால், ஓரத்தில் மிச்சமிருந்த சிவப்பைத்தான் உங்களுக்கு இளஞ்சிவப்பாகப் பூசித் தந்திருக்கிறது. இரண்டாவது, தேய்த்துத் தேய்த்து அந்த இடத்தின் மணலைக் கொன்றுவிட்டீர்கள். கமரா எடுக்கும் எந்தப் படத்திலும் நுண்ணிய மணல் போன்ற ஒன்று இருக்கும். சுற்றிலும் மணலிருக்க நடுவில் மட்டும் கண்ணாடிபோல் வழுக்கினால், பெரிதாக்கியவுடன் கண் அங்கேதான் போய் நிற்கும்.

நிமிர்ந்து நிற்கும் உருளையில் வெளிச்சம் இடமிருந்து வலமாக மாறுமே தவிர, மேலிருந்து கீழாக அதிகம் மாறாது. ஆகவே எழுத்தை மூடத் தேவையான நிறம், ஒவ்வொரு எழுத்துக்கும் நேர் மேலேயே அதே பேணியில் இருக்கிறது. பக்கவாட்டிலிருந்து எடுத்தால்தான் வெள்ளைக் கோடு வளைந்து கோணும். எழுத்துக்குச் சற்று மேலே, சிவப்புக் கசிவு இல்லாத இடத்தில், பேணியின் முழு அகலத்துக்கும் இருபது பிக்சல் உயரமான ஒரு பட்டையைத் தெரிவுசெய்து, Ctrl+J அழுத்தித் தனி லேயராக்கி, Ctrl+T கொடுத்து (புதிய பதிப்புகளில் Shift பிடித்துக்கொண்டு) கீழ்ப்புறமாக மட்டும் இழுத்து எழுத்து முழுவதையும் மூடுங்கள். வெள்ளைக் கோடு தானாகவே தொடர்ந்து வரும். பிறகு ஒரு மாஸ்க் போட்டு, எழுத்தும் அதைச் சுற்றி ஐந்தாறு பிக்சலும் மட்டும் மூடும்படி விட்டு, மிகுதியை மறைத்துவிடுங்கள்.

இழுத்த பட்டையில் மணலும் சேர்ந்து நீண்டு மழைக்கோடுபோல் விழும். அதை Gaussian Blur மூலம் கரைத்துவிட்டு, Add Noise என்பதில் Gaussian, Monochromatic இரண்டையும் தெரிவுசெய்து, படத்தை 100 சதவீதத்தில் வைத்துப் பக்கத்து மணலோடு ஒப்பிட்டுக்கொண்டே ஏற்றுங்கள். என் வாளிக்கு 2 சதவீதம் போதுமாக இருந்தது. உங்களுடையது வேறாக இருக்கலாம். கமராவை உயர்த்திப் பிடித்து எடுத்த படமானால் பேணி கீழே ஒடுங்கும், அப்போது பட்டையையும் Perspective கொண்டு ஒடுக்க வேண்டும்.

அச்சுக்கு அனுப்புமுன் எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு, கோட்டை அலை அலையாக ஏற்றி இறக்குங்கள். படம் பார்க்கச் சகிக்காது, ஆனால் ஒட்டுப்போட்ட இடம் உடனே முறிந்து தெரியும். உங்கள் அக்காவின் விரல் செய்த வேலையை அது வீட்டிலேயே செய்துவிடும். பார்த்து முடிந்ததும் அந்த லேயரை நீக்க மறக்க வேண்டாம்.

கிண்ணியா வியாபாரி
எனக்கும் இதே பிரச்சினைதான். கருவாட்டுப் பெட்டிகளை எடுத்த படத்தில் பின்னால் பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையும் அவருடைய தொலைபேசி இலக்கமும் விழுந்துவிட்டன. நான் அந்தப் பலகையை மங்கலாக்கினேன். இப்போது எல்லோரும் அங்கே என்ன மறைத்திருக்கிறாய் என்று கேட்கிறார்கள். அச்சக ஐயா சொன்ன பட்டையைப் பலகைக்குச் செய்யலாமா? பலகை சாய்ந்து நிற்கிறது, மரச்சட்டங்களின் இடைவெளிக் கோடுகளும் உண்டு.

ஓய்வுபெற்ற ஆசிரியை
என் மகளின் மிளகாய்த்தூள் போத்தலில் ஒரு முறை இப்படி முயன்று கைவிட்டேன், அவ்வளவுதான் என் கதை. ஆனால் நீங்கள் எல்லோரும் ஒரு விடயத்தை மறந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. பேணியின் பின்பக்கம் வெறுமையாக இருந்தால் அதைத் திருப்பி வைத்து எடுத்தால் போதாதா? கமராவை முக்காலியில் நிறுத்தி, முதலில் முன்பக்கத்தை எடுத்து, எதையும் அசைக்காமல் பேணியை மட்டும் அதே வட்டத்துக்குள் சுழற்றி இரண்டாவது படத்தை எடுங்கள். பேணி நின்ற இடத்தைச் சுற்றி மேசையில் பென்சிலால் கோடு போட்டுவிட்டால் இடம் பிசகாது. யன்னல் வெளிச்சம் மேகத்தோடு மாறும் என்பதால் இரண்டையும் ஒரு நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கமராவின் வெளிச்ச அளவைத் தானாக மாறவிடக் கூடாது, விட்டால் சிவப்பு எழுத்து இல்லாத படம் வேறு வெளிச்சத்தில் வரும். பிறகு இரண்டாவது படத்தை மேலே வைத்து எழுத்துள்ள இடத்தை மட்டும் காட்டினால், மணலும் மினுக்கமும் உண்மையானவையாகவே இருக்கும். இன்னொன்றையும் கேட்கிறேன்: அடுத்தவர் பெயரை அழித்து விற்பது முறையா?

உட்துறைமுக வீதி அச்சகர்
ரீச்சர், பேணி கையில் இருந்தால் நீங்கள் சொல்வதுதான் மிகச் சிறந்த வழி, நான் அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கிண்ணியாத் தம்பி, பட்டை இழுப்பது உருளைக்குத்தான். சாய்ந்த பலகைக்கு Vanishing Point என்ற வடிகட்டியில் பலகையின் நான்கு மூலைகளையும் குறித்துவிட்டு, அதற்குள் சட்டத்தின் கோட்டோடு கோடு பொருத்திப் பிரதி எடுக்க வேண்டும்.

உப்புவெளித் தம்பி
ரீச்சர், அழித்தது எங்களுடைய சொந்தப் பேணியில், பழைய கூட்டுப் பெயரைத்தான். பேணிகள் எல்லாம் விற்று முடிந்துவிட்டன, புதியவை அச்சாகி வரவில்லை, ஆகையால் திருப்பி எடுக்க வழியில்லை.

ஐயா சொன்னபடி நேற்றிரவு பட்டையை இழுத்தேன், வெள்ளைக் கோடு முறியாமல் வந்தது. Add Noise 3 சதவீதத்தில்தான் பொருந்தியது. அலைக்கோட்டையும் போட்டுப் பார்த்தேன், பேணியின் வயிற்றில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கீழே, மினுக்கிய மேசைப் பலகையில், அந்தப் பெயர் முழுவதும் தலைகீழாக, மங்கிய சிவப்பில் நின்றது. பதாகையிலும் அது இருந்திருக்கிறது, அக்காகூடக் கவனிக்கவில்லை. பலகையில் மரத்தின் ரேகையும் பேணியின் மஞ்சள் சாயலும் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடப்பதால், எந்தப் பக்கமிருந்து பட்டையை எடுப்பதென்று தெரியவில்லை. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

நிலாவெளிக் கமரா
மேசையை வெட்டிவிடுங்கள்.