ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஏன் வேறு ஞாயிறு? 2024-ல் ஐந்து வாரம் தள்ளி, 2025-ல் ஒரே நாள்

பாளை அருள்:
மகள் ஜார்ஜியாவில், திபிலீசியில் மருத்துவம் படிக்கிறாள். 2024-ல் நமக்கு மார்ச் 31 ஈஸ்டர், அங்கே மே 5. 2025-ல் இரண்டு பேருக்கும் ஏப்ரல் 20. 2026-ல் நமக்கு ஏப்ரல் 5, அவர்களுக்கு ஏப்ரல் 12. கிறிஸ்துமஸ் என்றால் எப்போதும் 13 நாள் வித்தியாசம், அது புரிகிறது. ஈஸ்டர் மட்டும் ஏன் இப்படி ஏறி இறங்குகிறது?

கோட்டயம் மருமகள்:
எனக்குக் கேள்வியே புரியவில்லை அண்ணா. என் புகுந்த வீடு மலங்கரை ஆர்த்தடாக்ஸ். புனித வெள்ளி, ஈஸ்டர் எல்லாம் பக்கத்துத் தெரு கத்தோலிக்கக் கோவிலோடு ஒரே நாளில்தான். ஒரு வருஷம்கூட மாறி நான் பார்த்ததில்லை.

ஜோசப் வாத்தியார்:
காரணம் எளிது. யூதர்களின் பாஸ்கா முடிந்த பிறகே ஈஸ்டர் வர வேண்டும் என்று 325-ல் நிசேயா சங்கம் சட்டம் போட்டது. ஆர்த்தடாக்ஸ்காரர்கள் அதை மீறவில்லை, நாம் மீறிவிட்டோம். 2024-ஐயே பாருங்கள். யூத பாஸ்கா ஏப்ரல் 22 மாலை தொடங்கியது. நாம் மூன்று வாரத்துக்கு முன்பே அல்லேலூயா பாடி முடித்துவிட்டோம்.

பௌர்ணமி:
வாத்தியார் ஐயா, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் இப்போது யூத பாஸ்காவுக்குப் பிந்தியே வருகிறது என்பது சரி. ஆனால் அது விளைவு, காரணம் அல்ல. நிசேயாவின் 20 சட்டங்களில் ஈஸ்டர் பற்றி ஒன்றுகூட இல்லை. சங்கத்தின் கடிதத்திலும் பேரரசர் கான்ஸ்டன்டைன் எழுதிய கடிதத்திலும்தான் அந்த முடிவு நமக்குத் தெரிகிறது. எல்லாரும் ஒரே ஞாயிற்றில் கொண்டாட வேண்டும், யூதர்களின் கணக்கை நம்பியிருக்கக் கூடாது என்பதே அதன் சாரம். யூதர்களுக்காகக் காத்திரு என்று அதில் இல்லை.

அருள் அண்ணே, விதி இரண்டு தரப்புக்கும் ஒன்றே. பகலும் இரவும் சமமாகும் வசந்தகாலச் சமஇரவு நாளாக மார்ச் 21-ஐ வைத்துக்கொண்டு, அன்றோ அதற்குப் பிறகோ வரும் முதல் பௌர்ணமியை எடு, அதற்கு அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பௌர்ணமியே ஞாயிற்றில் விழுந்தால் அடுத்த ஞாயிறுக்குப் போ. ஆனால் எந்த மார்ச் 21, எந்தப் பௌர்ணமி என்பதில்தான் பிரிகிறார்கள்.

2024-ஐக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேற்கின் அட்டவணையில் பௌர்ணமி மார்ச் 25, திங்கள். அடுத்த ஞாயிறு மார்ச் 31. முடிந்தது.

கிழக்கில் மார்ச் 21 என்பது ஜூலியன் நாட்காட்டியின் மார்ச் 21. நம் காலண்டரில் அது ஏப்ரல் 3. ஆகவே மார்ச் மாதப் பௌர்ணமி அவர்களுக்கு எல்லைக்கு முன்பே வந்துவிட்டது, செல்லாது. அடுத்த பௌர்ணமிக்குப் போக வேண்டும். வானத்தில் அது ஏப்ரல் 23-ல் வந்தது, செவ்வாய்க்கிழமை. அதைக் கொண்டிருந்தால் ஈஸ்டர் ஏப்ரல் 28, அதாவது நான்கு வாரத் தள்ளல். ஆனால் அவர்களும் வானத்தைப் பார்ப்பதில்லை. பழைய அலெக்சாந்திரியா அட்டவணையைப் பார்க்கிறார்கள். 19 ஆண்டுக்கு ஒருமுறை பௌர்ணமிகள் அதே தேதிகளுக்குத் திரும்பும் என்பது அதன் அடிப்படை. அது கிட்டத்தட்ட உண்மை, முழு உண்மை இல்லை. சுமார் 300 ஆண்டுக்கு ஒரு நாள் பிசகும். இத்தனை நூற்றாண்டில் நான்கைந்து நாள் பின்தங்கிவிட்டது. அதனால் அட்டவணையில் பௌர்ணமி ஏப்ரல் 28, அதுவும் சரியாக ஞாயிறு! விதிப்படி அடுத்த ஞாயிறு, மே 5. நாட்காட்டியால் நான்கு வாரம், நிலவுக் கணக்கால் ஒரு வாரம், ஆக ஐந்து.

பாளை அருள்:
அப்படியானால் 2025-ல் எப்படி ஒன்று சேர்ந்தது?

பௌர்ணமி:
அந்த ஆண்டு பௌர்ணமி ஏப்ரல் 3-ஐத் தாண்டி வந்ததால் இரண்டு பேருக்கும் ஒரே மாதம். மேற்கின் அட்டவணையில் ஏப்ரல் 13, ஞாயிறு. அதனால் ஒரு வாரம் தள்ளி ஏப்ரல் 20. கிழக்கின் அட்டவணையில் நான்கு நாள் பிந்தி ஏப்ரல் 17, வியாழன். அடுத்த ஞாயிறு அதே ஏப்ரல் 20. 2026-ல் மேற்கில் ஏப்ரல் 2, கிழக்கில் ஏப்ரல் 6. நடுவே ஒரு ஞாயிறு புகுந்துகொண்டது, ஒரு வாரம் வித்தியாசம் வந்துவிட்டது.

செல்வின்:
இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. கிழக்கின் கணக்கு தப்பு, அவர்களுக்கே அது தெரியும், இருந்தும் திருத்த மாட்டேன் என்கிறார்கள். திருத்தந்தை பதின்மூன்றாம் கிரகோரி 1582-ல் 10 நாளை வெட்டி, அக்டோபர் 4-க்கு அடுத்த நாள் 15 என்று அறிவித்தார். நிலவுக் கணக்கையும் சேர்த்தே சரிசெய்தார். 400 ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. ஏப்ரல் 3-ஐ வசந்தகாலச் சமஇரவு நாள் என்று சொல்வது பிடிவாதம்தான்.

தெசலோனிக்கி தமிழன்:
செல்வின் தம்பி, நான் கிரேக்கத்தில் வேலை செய்கிறேன். கணக்கு பழசு என்பதை இங்கே படித்த குருமார் யாரும் மறுப்பதில்லை. ஆனால் உங்கள் கணக்கு மட்டும் வானத்தைப் பார்த்துப் போட்டதா? 2019-ல் சமஇரவு மார்ச் 20-ல் வந்தது, சில மணி நேரத்தில், உலக நேரப்படி மார்ச் 21 அதிகாலையில், பௌர்ணமி. வானத்தின்படி ஈஸ்டர் மார்ச் 24. ரோமின் அட்டவணை அந்தப் பௌர்ணமியை மார்ச் 20 என்று வைத்திருந்ததால் அது எல்லைக்கு வெளியே போய், நீங்கள் ஏப்ரல் 21-ல் கொண்டாடினீர்கள். நான்கு வாரம் தள்ளி. நம் ஊரில் சனிப்பெயர்ச்சிக்கு வாக்கியம் ஒரு தேதி, திருக்கணிதம் ஒரு தேதி சொல்வதைப் போல, கிழக்கு பழைய வாக்கியத்தில் நிற்கிறது. ஆனால் மேற்கு இன்னும் திருக்கணிதத்துக்கு வந்து சேரவில்லை, புது வாக்கியம் எழுதிக்கொண்டது, அவ்வளவே.

செல்வின்:
2019 அபூர்வம் அண்ணே. இங்கே பிழை அட்டவணையின் ஓரத்தில் வருகிறது. அங்கே 13 நாள் பிழை எல்லா ஆண்டும் இருக்கிறது. 2100-ல் ஜூலியனில் பிப்ரவரி 29 உண்டு, நமக்குக் கிடையாது. அப்போது 14 நாள் ஆகும். இப்படியே விட்டால் ஈஸ்டர் மெல்ல மெல்லக் கோடைக்கே நகரும்.

தெசலோனிக்கி தமிழன்:
நகரும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மாற்ற முயன்றபோது என்ன நடந்தது என்று பாருங்கள். 1923-ல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடித் திருத்தப்பட்ட நாட்காட்டி ஒன்றை ஏற்றார்கள். ஜெருசலேமின் வானத்தை வைத்து ஈஸ்டரைக் கணிக்கலாம் என்பதும் அதில் இருந்தது. கிரேக்கத் திருச்சபை 1924-ல் கிறிஸ்துமஸ் போன்ற நிலையான திருநாள்களை மட்டும் மாற்றியது. அதற்கே ஒரு கூட்டம் பிரிந்துபோய், பழைய நாட்காட்டிக்காரர்கள் என்று இன்றும் தனியாக இருக்கிறது. ஈஸ்டரில் கை வைக்காததால்தான் டிசம்பர் 25 கொண்டாடும் கிரேக்கரும் ஜனவரி 7 கொண்டாடும் ஜார்ஜியரும் உயிர்ப்புத் திருநாளை ஒரே இரவில் கொண்டாட முடிகிறது. ரோமோடு சேரப் போய் நாங்கள் பத்தாக உடைய வேண்டுமா?

கோட்டயம் மருமகள்:
அப்படியானால் எங்கள் சபை?

பௌர்ணமி:
அக்கா, மலங்கரைச் சபை வேறு குடும்பம். கிரேக்க, ரஷ்யச் சபைகளோடு நற்கருணை உறவு கிடையாது. நீங்கள் ஈஸ்டருக்கும் கிரகோரியன் கணக்கையே எடுத்துக்கொண்டீர்கள். ஆர்மீனியரும் பெரும்பாலும் அப்படியே. கிரேக்கக் குடும்பத்துக்குள்ளேயே பின்லாந்து ஆர்த்தடாக்ஸ் சபை மேற்கின் ஈஸ்டரைக் கொண்டாடுகிறது. தலைகீழாக, கிரேக்கத்தில் வாழும் கத்தோலிக்கர்கள் ஆர்த்தடாக்ஸ் தேதியைப் பின்பற்றுகிறார்கள். இதை விசுவாசப் பிரிவாக நான் பார்க்காததற்கு அதுவே காரணம்.

ஜோசப் வாத்தியார்:
பாஸ்கா பற்றி நான் சொன்னதை இன்னும் முழுதாக விட மனமில்லை. ஆண்டவர் உயிர்த்தது பாஸ்காவை ஒட்டி. அதற்கு ஒரு மாதம் முன்பே ஈஸ்டர் வருவது எனக்கு நெருடல்தான்.

பௌர்ணமி:
நெருடல் நியாயம் ஐயா. 2024-ல் யூதர்கள் தங்கள் வழக்கப்படி ஓர் அதிக மாதம் சேர்த்திருந்தார்கள். அதனால்தான் அவ்வளவு இடைவெளி. செல்வின், 1997-ல் அலெப்போவில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய கூட்டம் ஒரு யோசனை சொன்னது. நிசேயா விதி அப்படியே இருக்கட்டும், சமஇரவையும் பௌர்ணமியையும் ஜெருசலேம் தீர்க்கரேகையில் வானியல்படி கணிப்போம் என்று. அதை ஏற்றால் 2019-ல் ரோமும் மாறியிருக்க வேண்டும். உங்கள் சபை அதற்குத் தயாரா?

செல்வின்:
நான் தயார். சபைக்காக என்னால் பேச முடியாது.

தெசலோனிக்கி தமிழன்:
இங்கேயும் அதே நிலைதான் தம்பி. அருள் அண்ணே, 2027-க்கு மகளை ஊருக்கு அழைப்பதாக இருந்தால் பார்த்துக்கொள்ளுங்கள்: நமக்கு மார்ச் 28, திபிலீசியில் மே 2. அங்கே விடுமுறை மே மாதத்துக்குப் போய்விடும்.