மகன் வென்ற 1,860 பவுண்டு

குரோய்டன் அப்பா:
சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் நடந்தது இது. மகனுக்கு அப்போது 17 வயது. என் பெயரிலும் பிறந்த தேதியிலும் கால்பந்துப் பந்தயத் தளம் ஒன்றில் கணக்குத் திறந்திருக்கிறான். சமையலறை மேசையில் கிடந்த என் டெபிட் கார்டில் இருந்து 20 பவுண்டு வீதம் 12 முறை, ஆக 240 பவுண்டு கட்டியிருக்கிறான். பதினொரு முறை கட்டியது போனது போனதுதான். கடைசி 20 பவுண்டை ஐந்து ஆட்டங்களைக் கோத்து ஒரே பந்தயமாக வைத்தான். ஐந்தும் பலித்து, கணக்கில் 1,860 பவுண்டு நின்றது.

அதைத் தன் கார்டுக்கு மாற்றப் பார்த்தபோது மாட்டிக்கொண்டான். கணக்கில் என் பெயர், கார்டில் அவன் பெயர். கணக்கை முடக்கிவிட்டு, பாஸ்போர்ட்டையும் அந்த நேரத்தில் எடுத்த முகப் படத்தையும் கேட்டார்கள். அழுதுகொண்டு வந்து சொன்னான். உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினேன். சில நாட்களில் 240 பவுண்டு என் கார்டுக்கு வந்தது. வென்ற பணம் ரத்து. தோற்ற 220 பவுண்டையும் ஏன் திருப்பித் தந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

லூட்டன்காரன்:
பணம் எடுக்கும்போதுதான் வயதைப் பார்ப்பார்கள் அண்ணா. கல்லூரியில் என் அறைத்தோழன் 17 வயதிலேயே விளையாடினான், யாரும் கேட்கவில்லை. தோற்றால் மௌனம், வென்றால் விசாரணை.

முன்னாள் சரிபார்ப்பு ஊழியர்:
தம்பி சொல்வது பழைய கதை. முன்பு வயதைச் சரிபார்க்க நிறுவனத்துக்கு 72 மணி நேரம் இருந்தது. அதற்குள் விளையாடலாம், எடுக்க முடியாது. 2019 மே 7 முதல் பிரிட்டனில், வயதை உறுதிசெய்யாமல் பணம் கட்டவே விடக்கூடாது; பெயர், முகவரி, பிறந்த தேதி மூன்றையும் உறுதிசெய்யாமல் விளையாட விடக்கூடாது.

நான் இந்த வேலையில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். விவரங்களைக் கடன் தகவல் நிறுவனங்களின் பதிவுகளோடும் வாக்காளர் பட்டியலோடும் ஒப்பிடுவோம். சொந்தப் பெயரில் இரண்டு வயதைக் கூட்டிப் போடும் பையன் இங்கேயே நின்றுவிடுவான். அந்தப் பெயருக்கும் தேதிக்கும் பொருந்தும் பதிவே இருக்காது. ஆவணம் கேட்போம், அத்தோடு அவன் காணாமல் போய்விடுவான். தப்பி உள்ளே வருபவர்கள் அப்பா, அண்ணன் பெயரில் வருபவர்கள்தான். அவர்களைக் காட்டிக்கொடுப்பது கார்டில் உள்ள பெயர், அல்லது முகப் படம்.

குரோய்டன் ஐயாவின் 220 பவுண்டுக்குக் காரணம் 2005ஆம் ஆண்டு சூதாட்டச் சட்டத்தின் 58ஆம் பிரிவு. 18 வயது நிரம்பாதவர் விளையாடியது தெரிந்தால், அவர் கட்டிய பணத்தைத் திருப்பித் தர வேண்டும், பரிசு தரக்கூடாது. தோற்றதா வென்றதா என்ற பேதம் அதில் இல்லை. இதனாலேயே எங்களுக்குச் சந்தேகமும் அதிகம்: ஆயிரக்கணக்கில் தோற்ற பெரியவர்கள் "விளையாடியது என் மகன்" என்று எழுதுவார்கள். ஆதாரம் கேட்காமல் ஒரு பவுண்டும் போகாது. உங்கள் மகன் தன் கார்டைக் கொடுத்ததே உங்களுக்கு ஆதாரமாகிவிட்டது.

ஈஸ்ட் ஹாம்:
எனக்கும் இதே கொடுமை நடந்தது. வயது 41! யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்றிதழில் ஒரு தேதி. இங்கே வந்தபோது தந்த பத்திரத்தில் ஜனவரி 1. பழைய பத்திரத்தில் உள்ளதைப் போட்டு 300 பவுண்டு வென்றேன், ஆறு வாரம் இழுத்தடித்தார்கள்.

முன்னாள் சரிபார்ப்பு ஊழியர்:
அது வேறு விஷயம் அண்ணா. இரண்டு தேதியிலும் நீங்கள் 18 கடந்தவர், ஆகவே 58ஆம் பிரிவு உங்களைத் தொடாது. முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும்போது கேட்டு நிறுத்திவைக்கக்கூடாது என்றும் விதி உண்டு. புகார் செய்திருக்கலாம்.

ஹாரோ அம்மா:
என் அக்கா மகன் அண்ணன் பெயரில் 17 வயதில் கணக்குத் திறந்தான். பிறந்தநாளுக்கு முன் 90 பவுண்டு கட்டித் தோற்றான். 18 ஆன இரண்டாம் வாரம் 600 பவுண்டு வென்றான். நிறுவனம் 90ஐத் திருப்பிவிட்டது, 600 கிடையாது என்கிறது. வென்ற அன்று அவனுக்கு வயது இருந்ததே?

லூட்டன்காரன்:
வயது ஆனபின் வென்றது அவனுடைய பணம். கொடுத்தே ஆக வேண்டும்.

முன்னாள் சரிபார்ப்பு ஊழியர்:
அவ்வளவு நேராக இல்லை. 90 சட்டத்தின்படி வந்தது. 600ஐ மறுப்பது வயதுக்காக அல்ல, அண்ணன் பெயரில் விளையாடியதற்காக. அது நிறுவனத்தின் நிபந்தனைகளைச் சேர்ந்தது. அப்படியானால் பிறந்தநாளுக்குப் பின் கட்டிய பணத்தையாவது தர வேண்டும் என்று வாதாடலாம். எங்கள் அலுவலகத்திலேயே இதில் இரண்டு கருத்து இருந்தது. முதலில் நிறுவனத்துக்குப் புகார் எழுதுங்கள். எட்டு வாரத்தில் முடியாவிட்டால் அவர்கள் குறிப்பிடும் நடுவர் அமைப்புக்குப் போகலாம், கட்டணம் இல்லை. சூதாட்ட ஆணையம் தனிநபர் பணத் தகராறைத் தீர்த்துவைக்காது.

ஹாரோ அம்மா:
புகார் எழுதி ஐந்து வாரம் ஆகிறது. அண்ணன்காரன் வேறு "என் பெயரில் இனி எனக்கே கணக்குத் திறக்க முடியவில்லை" என்று குதிக்கிறான்.