தனியாளாக வேலை செய்கிறேன்: அறிமுக மெயிலில் ‘நான்’ போடுவதா, ‘நாங்கள்’ போடுவதா?

கேட்டவர்: கோவை_வெப்

வணக்கம். கோவையில் தனியாக வெப்சைட் வேலை செய்கிறேன். பொருட்களைப் படம் எடுக்க வேண்டி வந்தால் மட்டும் ஒரு நண்பர் கூட வருவார். பம்ப்செட் தயாரிக்கும் சின்ன யூனிட்டுகளுக்கு இப்படி மெயில் அனுப்பிக்கொண்டிருந்தேன்:

“நாங்கள் கோவையில் இயங்கும் வெப்சைட் வடிவமைப்பு நிறுவனம். உங்கள் தளத்தைப் பார்த்தேன். மொபைலில் விலைப்பட்டியல் திறக்கவில்லை. எங்கள் குழு ஒரு வாரத்தில் சரிசெய்து தரும்.”

போன வாரம் ஒரு முதலாளி கூப்பிட்டார். எடுத்த எடுப்பிலேயே “எத்தனை பேர் இருக்கீங்க?” என்று கேட்டார். நான் ஒருத்தன்தான் சார் என்றேன். “மெயில்ல குழுன்னு இருந்துச்சே?” என்றவர், யோசித்துச் சொல்வதாக வைத்துவிட்டார். ‘நான்’ என்று மாற்றிவிடலாமா? மாற்றினால் சின்ன ஆள் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது.

அச்சக_அண்ணன்

மாற்றாதீர்கள் தம்பி. தனியாள் என்றால் ‘இவருக்குக் காய்ச்சல் வந்தால் வேலையை யார் பார்ப்பார்கள்’ என்றுதான் முதலில் யோசிப்பார்கள். கம்பெனி லெட்டர் என்றால் ‘நாங்கள்’தான் வழக்கம். ‘குழு’ என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள், போதும்.

வரைவுமேசை

அண்ணன் சொல்கிற காய்ச்சல் கவலை உண்மையானது. ஆனால் ‘நாங்கள்’ என்பது அதற்குப் பதில் ஆகாது. வேலை கிடைத்ததும் வெண்டார் பாரத்தில் பான் எண் கேட்பார்கள். அதில் நான்காவது எழுத்து P என்றால் தனிநபர், F என்றால் கூட்டு நிறுவனம், C என்றால் கம்பெனி. கடைக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும், தனி உரிமையாளர் என்றால் அவருடைய சொந்த பான்தான். டிடிஎஸ் பிடிக்கிற கணக்காளர் அந்த எழுத்தைப் பார்ப்பார். பின்னால் எப்படியும் தெரியப்போவதை முதல் மெயிலிலேயே நீங்களாகச் சொல்லிவிடுவது நல்லது.

உங்கள் மெயிலிலேயே அது தெரிந்துவிடுகிறது. ‘நாங்கள்’ என்று ஆரம்பித்து, அடுத்த வரியிலேயே ‘பார்த்தேன்’ என்கிறீர்கள். ‘நாங்கள்’ என்ற சொல்லை எடுத்தாலும், ‘தருகிறோம்’ என்று முடித்தால் அந்த ‘ஓம்’ போகாது. அதனால் ஒவ்வொரு வினைச்சொல்லிலும் நின்று, இதை உண்மையில் செய்தது யார், செய்யப்போவது யார் என்று கேளுங்கள். நான் இப்படி எழுதுவேன்:

“கோவையில் தனியாக வெப்சைட் வேலை செய்கிறேன். உங்கள் தளத்தை மொபைலில் பார்த்தேன், விலைப்பட்டியல் திறக்கவில்லை. ஒரு வாரத்தில் சரிசெய்து தருகிறேன். படங்கள் புதிதாக வேண்டுமென்றால் நானும் என்னுடன் வேலை செய்யும் புகைப்படக்காரரும் நேரில் வந்து எடுக்கிறோம். டொமைனும் ஹோஸ்டிங்கும் உங்கள் பெயரிலேயே இருக்கும், பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்கும். நான் இல்லாவிட்டாலும் வேறு ஒருவர் வேலையைத் தொடரலாம்.”

காய்ச்சல் கவலைக்குப் பதில் அந்தக் கடைசி இரண்டு வரிகளில் இருக்கிறது.

தமிழ்_ஆர்வலர்

‘நாம்’ என்று எழுதலாமே? இன்னும் நெருக்கமாக இருக்குமே.

வரைவுமேசை

‘நாம்’ என்றால் படிப்பவரும் அதில் சேர்ந்துவிடுகிறார். “நாம் வெப்சைட் செய்கிறோம்” என்றால் பம்ப்செட் முதலாளியும் கூட உட்கார்ந்து செய்வது போல இருக்கும். “செவ்வாய்க்கிழமை நாம் பேசலாமா?” என்று கேட்கும் இடத்தில் அது சரியாகப் பொருந்தும்.

இருவர்_கடை

எங்கள் கதை வேறு. நானும் கணவரும் லேபிள் டிசைன் செய்கிறோம், அதனால் ‘நாங்கள்’ பொய் இல்லை. ஆனால் மெயிலின் அடியில் கடைப் பெயர் மட்டும் போட்டிருந்தோம். போன் செய்கிறவர்கள் யாரிடம் பேசுவது என்று தெரியாமல் தடுமாறினார்கள். ஒருமுறை என்னிடம் டிசைனையும் அவரிடம் வேறு விலையையும் பேசிவிட்டார்கள். இப்போது “நாங்கள் இருவர். வரைவது நான், விலையும் அச்சகமும் அவர் பொறுப்பு” என்று எழுதி, கீழே என் பெயரைப் போடுகிறேன். குழப்பம் நின்றுவிட்டது.

கோவை_வெப்

நன்றி. அந்த மாதிரியை வைத்து நான்கு யூனிட்டுகளுக்கு அனுப்பினேன். ஒருவர் பதில் போட்டார். எத்தனை பேர் என்று கேட்கவில்லை, டொமைன் இப்போது யார் பெயரில் இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பது என்றுதான் கேட்டிருக்கிறார். இன்னொரு சந்தேகம். என் தளத்தில் ‘எங்களைப் பற்றி’ என்று ஒரு பக்கம் இருக்கிறதே, அதையும் மாற்ற வேண்டுமா?

வரைவுமேசை

ஒற்றைப் பிள்ளையும் ‘எங்கள் அம்மா’ என்றுதானே சொல்கிறது. தலைப்பு அப்படியே இருந்தால் யாருக்கும் உறுத்தாது. கீழே வரும் பத்தியை மட்டும் ‘நான்’ என்று எழுதுங்கள். ‘எங்கள் குழு’ எங்கே இருந்தாலும் எடுத்துவிடுங்கள்.

அச்சக_அண்ணன்

சின்ன யூனிட்டுக்கு இது சரி. பெரிய மில்லில் பர்சேஸ் ஆபீசர் ‘தனியாக’ என்ற சொல்லைப் பார்த்ததும் மெயிலை மூடிவிடுவார். நான் அங்கே ‘நாங்கள்’ என்றேதான் எழுதுவேன்.

வரைவுமேசை

மூடுபவர்கள் உண்டு அண்ணா, மறுக்கவில்லை. ஆனால் ஒரே சமயத்தில் மூன்று வேலை கொடுப்பவர் என்றால், இவர் ஒருவரால் முடியுமா என்பது அவருக்கு முதலிலேயே தெரிய வேண்டும் அல்லவா?